விற்கும் நிலத்தில் முதல் உரிமை யாருக்கு?

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில், கடலுக்கு ஏறத்தாழ நான்கு கல் தொலைவில் உள்ள சிற்றூர் எங்களுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில் ஊர்த் தேநீர்க் கடையில் பெரிய சத்தம். ஏரிக்கரைப் பக்கம் இருந்த சவுக்குத் தோப்பில் ஒரு பகுதியைச் சென்னையிலிருந்து வந்த ஒருவருக்கு விற்றுவிட்டார்களாம். சத்தம் போட்டவர் தோப்புக்கு மேற்கே நெல் பயிரிடும் பெரியவர்.

"நாப்பது வருஷமா பக்கத்துல பயிர் வெக்கிறவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு இல்ல வித்திருக்கணும்? அடுத்த காணிக்காரனுக்குத்தானே மொதல்ல சொல்லணும்!" என்றார் அவர். கடையில் இருந்த அனைவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்த ஊரில் பிறந்த எவருக்கும் அது நியாயமாகவே தோன்றும்.

அந்தத் தோப்பு விற்பனையில் சட்டப்படி உரிமை கேட்கக்கூடியவர்கள் உண்மையில் இருந்தார்கள். ஆனால் அவர்களுள் ஒருவர்கூட அன்று தேநீர்க் கடையில் இல்லை. அவர்களுள் ஒருவர், ஊர் முறையில் எனக்கு அத்தை. மதுராந்தகத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவருக்கு அந்த விற்பனை நடந்ததே தெரியாது. உரிமை இல்லாதவர் உரத்துப் பேசியதும், உரிமை உள்ளவர் அறியாமலே இருந்ததும் எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

ஒருவர் தம் நிலத்தை விற்க முனையும்போது, அயலார் எவரும் வாங்கும் முன் அதே விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள வேறொருவருக்கு உள்ள உரிமையை முன்வாங்குரிமை என்பர். நிலத்தின் உரிமையாளரை விற்கும்படி வற்புறுத்த இது எவருக்கும் இடம் தராது. அவர் விற்கத் துணிந்த பிறகுதான் இது விழித்தெழும். அதனால்தான் இதனை வாங்கியவர் அமர்ந்த இடத்தில் தாம் அமரும் உரிமை, அதாவது மாற்றாக நுழையும் உரிமை, என்று 1958-இல் பிஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இது வலுக்குறைந்த உரிமை என்பதையும் அந்தத் தீர்ப்பு மறைக்கவில்லை.

இவ்வெண்ணம் நம் நாட்டில் புதியதன்று. விஞ்ஞானேசுவரர் இயற்றிய மிதாட்சரம், நிலம் கைமாறும்போது ஊரார், ஞாதிகள், அண்டை நிலத்தார், தாயாதிகள் ஆகியோர் சம்மதம் பெறுவதையும், பொன்னும் நீரும் வார்த்துக் கொடுப்பதையும் பற்றிப் பேசுகிறது. ஆனால் அவ்வாசிரியரே, ஊராரின் சம்மதம் விற்பனை நாலு பேருக்குத் தெரிவதற்காக என்றும், அண்டை நிலத்தாரின் சம்மதம் எல்லைத் தகராறு வராமல் இருப்பதற்காக என்றும் காரணம் கூறிவிடுகிறார். அவர்கள் மறுத்தால் விற்பனை செல்லாது என்பதன்று பொருள். சாட்சியும் எல்லையுமே அங்கே நோக்கம். நம் தேநீர்க் கடைப் பெரியவர் கேட்ட அந்த "ஒரு வார்த்தை" இங்கிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

செங்கற்பட்டுச் சீமைக்கு வேறொரு பழைய நினைவும் உண்டு. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை 1816-இல் மிராசு உரிமை பற்றி எழுதிய விடைகள் தொண்டை மண்டலத்து ஊர்களைப் பற்றியவை. பசுங்கரை ஊர்களில் நிலம் பங்காளிகளுக்குப் பொது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்வார்கள். அறுதிக்கரை ஊர்களில் பங்கு நிலையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இன்று என் கையில் உள்ள வயல் நாளை உன் கைக்கு வரும் என்ற ஊரில், ஒரு பங்கு யாருக்குப் போகிறது என்பது எல்லோர் கவலையுமாகத்தான் இருந்திருக்கும்.

இக்கவலையை முழுமையான சட்டமாக வடித்தவர்கள் இசுலாமியச் சட்ட அறிஞர்கள். ஷுஃபா என்பது அவர்கள் இட்ட பெயர். அவர்களுள் ஹனபி மரபினர் உரிமையாளர்களை மூன்று படியில் நிறுத்தினார்கள். முதலில் கூட்டுச் சொந்தக்காரர். அவர் இல்லாவிடில் அல்லது வேண்டாம் என்றுவிட்டால், ஒரே வழியையோ ஒரே வாய்க்காலையோ பகிர்ந்துகொள்பவர். அவருக்கும் பின்னால்தான் ஒட்டிய நிலத்துக்காரர். இந்த வரிசையைக் கவனியுங்கள். யாருடைய வாழ்வு புதிய மனிதரின் வருகையால் அதிகம் கெடுமோ அவருக்கு முதலிடம். கூட்டுச் சொத்தில் அயலான் வந்தால் ஒரே வரப்பில், ஒரே கிணற்றில் முட்டிக்கொள்ள வேண்டும். வழியும் நீரும் பகிர்பவருக்குத் தொல்லை சற்றுக் குறைவு. வெறும் அண்டை வீட்டாருக்கு இன்னும் குறைவு.

உரிமையைத் தந்தவர்கள் அதற்குக் கடிவாளமும் இட்டார்கள். விற்பனைச் செய்தி காதில் விழுந்த கணமே "நான் வாங்குகிறேன்" என்று குதித்தெழுந்து கேட்க வேண்டும். பிறகு காலந்தாழ்த்தாமல் விற்றவரிடமோ வாங்கியவரிடமோ அந்த நிலத்திலோ நின்று சாட்சிகள் முன்னிலையில் மறுபடி கேட்க வேண்டும். அதன் பின்னரே வழக்கு. இதில் பிந்தினாலும் தோல்வி, முந்தினாலும் தோல்வி. முந்தித் தோற்ற கதை ஒன்று பீகாரில் நடந்தது. 1946 ஜனவரி 31-இல் ஒரு வீட்டின் விற்பனைப் பத்திரம் எழுதிப் பதிவுக்குக் கொடுக்கப்பட்டது. அண்டை வீட்டுக்காரர் பிப்ரவரி 2-இல் தம் கோரிக்கையை எழுப்பினார். பதிவு அலுவலகப் புத்தகத்தில் பத்திரத்தைப் படியெடுத்து முடித்த நாளோ பிப்ரவரி 9. படியெடுத்து முடித்தபோதுதான் பதிவும் விற்பனையும் நிறைவுற்றன. அதற்கு முன் கேட்டது கேட்டதாகாது என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. ஏழு நாள் முந்தியதற்குப் பதினைந்து ஆண்டு வழக்கு!

கடிவாளம் போதாதென்று தந்திரங்களும் இருந்தன. அண்டை நிலத்தாரின் எல்லையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு ஒரு நீளத் துண்டை விட்டுவிட்டு மற்றதை விற்றுவிடுவது ஒன்று. விற்ற நிலம் அவர் நிலத்தைத் தொடவில்லை. தொடாதவர் அண்டையாரும் இல்லை! விலையை ஏற்றி எழுதுவது இன்னொன்று. இவை பழைய சட்ட நூல்களிலேயே பேசப்பட்டவை என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மனித இயல்பு எந்த நூற்றாண்டிலும் மாறவில்லை.

வட இந்தியாவில் பல பகுதிகளில் இந்துக்களும் இவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். மேலே சொன்ன பீகார் வழக்கும் அத்தகைய வழக்கத்தின் அடிப்படையில் எழுந்ததே. சென்னை மாகாணத்தின் கதை வேறு. 1870-இல் இப்ராஹிம் சாகிபு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், இவ்வுரிமை இங்கே சட்டமன்று என்று தீர்த்தது. தன் பொருளைத் தன் விருப்பம்போல் விற்கும் உரிமையை இது தடுக்கிறது; ஆகவே நீதிக்கும் நியாயத்துக்கும் நல்ல மனச்சான்றுக்கும் ஒத்ததன்று என்பது காரணம். வழக்கம் நிலைநாட்டப்பட்ட மலபார் மட்டும் விலக்கு. பின்னர் 1937-இல் வந்த ஷரியத் சட்டம் இசுலாமியருக்கு எந்தெந்தப் பொருள்களில் அவர்தம் சமயச் சட்டம் செல்லும் என்று பட்டியலிட்டபோதும் அதில் முன்வாங்குரிமை இடம் பெறவில்லை. ஆகவே செங்கற்பட்டில் ஓர் இசுலாமியர்கூடத் தம் அண்டை வீட்டை இவ்வுரிமையால் கேட்க இயலாது.

அண்டை நிலத்தாரின் உரிமைக்கு நாடு முழுவதற்குமான அடி 1962-இல் விழுந்தது. பாவ் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், அண்டையில் இருக்கிறார் என்ற ஒன்றை மட்டும் காரணமாகக் கொண்ட முன்வாங்குரிமை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. வேண்டாத சாதியாரையும் சமயத்தாரையும் தெருவுக்குள் வராமல் தடுக்கவே அது பயன்பட்டது என்ற கருத்து அத்தீர்ப்பின் உள்ளே ஓடுகிறது. எங்கள் ஊர்ப் பெரியவரின் கோபம் நியாயமானது என்று தலையாட்டிய நான் இதைப் படித்தபோது சற்றுத் திகைத்தேன். "நமக்கு வேண்டியவன்தான் பக்கத்தில் வரவேண்டும்" என்ற ஆசை யாரை வெளியே நிறுத்தும் என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அதே தீர்ப்பு கூட்டுச் சொந்தக்காரரின் உரிமையைக் காப்பாற்றியது. ஒரே சொத்துக்குள் அயலானோடு ஒட்டிக் கிடக்க வேண்டிய நிலை வேறு, வேலிக்கு அப்பால் அவன் இருப்பது வேறு என்பது அதன் நியாயம்.

கடலுக்கு அப்பால் வாழும் தமிழரிடமும் ஏறக்குறைய இதே முடிவைக் காண்கிறோம். யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் தொகுத்தார். தேசவழமை என்பது அதன் பெயர். நிலம் விற்பவர் வாரிசுகளுக்கும் பங்காளிகளுக்கும் அண்டை நிலத்தாருள் சிலருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது அதில் உள்ள வழக்கம். ஒல்லாந்தர் காலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிலில் அறிவித்தார்களாம். 1947-இல் இலங்கையில் இதற்கெனத் தனிச் சட்டம் (59-ஆம் எண்) வந்தபோது, உரிமை கூட்டுச் சொந்தக்காரருக்கும் வாரிசாகக் கூடியவருக்கும் மட்டுமே என்று சுருக்கப்பட்டது. அங்கும் அண்டை நிலத்தார் வெளியேற்றப்பட்டார்.

இனி எங்கள் ஊர்ச் சவுக்குத் தோப்புக்குத் திரும்புவோம்.

தோப்பு ஒரு ஏக்கர் இருபது சென்ட். அதாவது 120 சென்ட். அத்தையின் தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் 2011-இல் உயில் எழுதாமல் காலமானார். அப்போது அவருடைய மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், இவர்களுடன் அவருடைய வயது முதிர்ந்த தாயாரும் உயிரோடு இருந்தார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இவர்கள் ஐவரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஐந்தில் ஒன்று, 24 சென்ட். இறந்தவரின் தாயாருக்கும் பேரப்பிள்ளைகளின் தந்தை சொத்தில் ஒரு பங்கு உண்டு என்பதை ஊரில் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். நாலு பங்கு என்று போட்ட கணக்குகள் பின்னால் கோணுவது இதனால்தான்.

மூத்த மகன் தம் பங்கை விற்க எண்ணினார். மகளின் கல்லூரிக் கட்டணம், பழைய கடன், தேவை மெய்யானது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மனைப்பிரிவுகள் உள்ளே உள்ளே நகர்ந்து வருவதால் விலையும் வந்துவிட்டது. சென்ட் ஒரு லட்சம் என்று வைத்து 24 லட்சம். இங்கேதான் அச்சட்டத்தின் 22-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. உயிலின்றி இறந்தவரின் அசையாச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகள் இருவருக்கோ மேற்பட்டவருக்கோ வந்து, அவர்களுள் ஒருவர் தம் பங்கை மாற்ற எண்ணினால், மற்ற வாரிசுகளுக்கு அதைப் பெறும் முன்னுரிமை உண்டு என்கிறது அது. அத்தை, இளைய மகன், தாய், பாட்டி ஆகிய நால்வருக்கும் அவ்வுரிமை இருந்தது. மேற்கு வயல் பெரியவருக்கு இல்லை.

இப்பிரிவு வேளாண் நிலத்துக்குச் செல்லுமா என்பதில் நெடுங்காலம் ஐயம் இருந்தது. வேளாண் நிலம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் அல்லவா என்பது கேள்வி. இமாசலப் பிரதேசத்தில் ஒருவர் தந்தைவழி வந்த விளைநிலத்தில் தம் பங்கை வெளியாருக்கு விற்க, உடன்பிறந்தவர் வழக்குத் தொடுத்தார். அது பாபு ராம் வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாரிசுரிமை பொதுப் பட்டியலில் உள்ள பொருள். ஆகவே 22-ஆம் பிரிவு வேளாண் நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019-இல் தீர்ப்பாயிற்று. தோப்பும் வயலும் நிறைந்த நம் மாவட்டத்துக்கு இத்தீர்ப்பு நேரடியாகப் பொருந்துவது.

விலையை எப்படி முடிவு செய்வது? பேசி முடிந்தால் நல்லது. அண்ணன் 24 லட்சம் என்கிறார், தங்கை 18-க்கு மேல் தர இயலாது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலம் அமைந்துள்ள எல்லைக்குரிய நீதிமன்றத்தில் மனுச் செய்தால் நீதிமன்றம் விலையை நிர்ணயிக்கும். அது 22 லட்சம் என்று நிர்ணயித்த பின் தங்கை வேண்டாம் என்று பின்வாங்கினால், மனுவின் செலவு முழுவதும் அவர் தலையில் விழும். விளையாட்டாக மனுப் போடுவதைத் தடுக்க இந்த ஏற்பாடு. தங்கையும் தம்பியும் இருவருமே கேட்டால், யார் அதிகம் தருகிறாரோ அவருக்கே. பாசத்துக்கோ மூப்புக்கோ அங்கே இடமில்லை.

கேட்கும்போது எளிதாக இருக்கிறது. இப்பிரிவில் உள்ள பெரிய ஓட்டை, விற்க எண்ணுபவர் மற்றவர்களுக்கு எப்படி, எத்தனை நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்று அது ஒன்றும் சொல்லாமல் விட்டதுதான். அறிவிப்புக்குப் படிவம் இல்லை, கெடு இல்லை. உடன்பிறந்தவர்களுக்குக் கடிதம் போட்டு ஒப்புகை பெற்று வைத்துக்கொள்வதுதான் விற்பவருக்குப் பாதுகாப்பு. வாங்குபவருக்கு அதைவிடப் பாதுகாப்பு. அவ்வாறு கேட்டு, "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தவர் பின்னால் வழக்குப் போட்டால் நிற்காது. எங்கள் ஊரில் அப்படி எந்தக் கடிதமும் போகவில்லை. பதிவு அலுவலகம் உடன் வாரிசுகளைத் தேடிச் செய்தி அனுப்புவதும் கிடையாது.

பத்திரத்தில் இன்னொரு குறையும் இருந்தது. "கிழக்குப் பக்கம் 24 சென்ட்" என்று நான்கு எல்லையும் போட்டு எழுதியிருந்தார்கள். தோப்பு பாகம் பிரிக்கப்படவே இல்லை. பட்டா ஐவர் பெயரில் கூட்டுப் பட்டா. பாகம் பிரியாத சொத்தில் ஒருவருக்கு இருப்பது ஒவ்வொரு சென்டிலும் ஐந்தில் ஒரு பங்கே ஒழிய, கிழக்குப் பக்கம் என்று ஒன்று இல்லை. வாங்கியவர் பெற்றதும் அவ்வளவே. நிலம் வாங்குவோர் வில்லங்கச் சான்று மட்டும் பார்த்தால் இது தெரியாது. பட்டாவில் எத்தனை பேர், வாரிசுச் சான்றில் யார் யார், பாகப் பிரிவினைப் பத்திரம் உண்டா என்று மூன்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால்தான் தெரியும். பாகப்பிரிவினை முறையாக முடிந்து அவரவர் துண்டு தனியாகியிருந்தால் 22-ஆம் பிரிவும் அங்கே வேலை செய்யாது; அண்ணன் தம் துண்டை யாருக்கும் விற்கலாம். உயில் மூலம் வந்த சொத்துக்கும், உடன்பிறந்தோர் காசு போட்டுக் கூட்டாக வாங்கிய சொத்துக்கும் அதே நிலைதான். கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இச்சட்டமே பொருந்தாது.

ஆனால் விற்கப்படுவது தோப்பாக இல்லாமல் குடும்பம் குடியிருக்கும் வீடாக இருந்தால், சமயம் பாராத வேறொரு காப்பு உண்டு. பிரிவினையாகாத குடும்பத்து வீட்டில் ஒருவர் பங்கை வாங்கிய அயலார் உள்ளே வந்து கூடக் குடியிருக்க முடியாது என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. அவர் பாகம் கேட்டு வழக்குத்தான் போட வேண்டும். போட்டவுடன் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, குடும்பத்துப் பங்காளி "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்கலாம். நீதிமன்றம் மதிப்பிட்டு அவருக்கே விற்க ஆணையிடும். கோவளத்து மீனவக் குடும்பம் கிறித்தவரானாலும் இதைக் கேட்கலாம். முற்றத்தில் முகம் தெரியாதவர் பாய் விரிப்பதைச் சட்டம் விரும்பவில்லை.

அத்தைக்குச் செய்தி தெரிந்தது ஓர் உறவினர் திருமணப் பந்தியில். "உங்க தோப்பைச் சுத்திக் கம்பி வேலி போட்டிருக்காங்களே, நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பத்திரம் பதிவாகிப் பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தத் தோப்பில் தந்தையோடு சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் குடம் சுமந்தவர் அவர். அண்ணன் காசுக்குத் திண்டாடியது தெரிந்திருந்தால் நகையை அடகு வைத்தாவது தாமே வாங்கியிருப்பேன் என்று அழுதார்.

அவரை அழைத்துக்கொண்டு செங்கற்பட்டில் ஒரு வழக்கறிஞரிடம் சென்றவன் நான். அவர் முதலில் கேட்டது தேதிகளைத்தான். முன்வாங்குரிமையை நிலைநாட்டும் வழக்குக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 97-ஆம் இனம் ஓராண்டே தருகிறது. அந்த ஓராண்டு எந்த நாளிலிருந்து? வாங்கியவர் சொத்து முழுவதையுமோ ஒரு பகுதியையோ கண்கூடாகக் கைக்கொண்ட நாளிலிருந்து. அப்படிக் கைக்கொள்ள இயலாத வகைச் சொத்தாக இருந்தால், பத்திரம் பதிவான நாளிலிருந்து. தெரியவந்த நாள் என்ற பேச்சே அதில் இல்லை.

வேலி போட்டது பதிவுக்கு மூன்று மாதம் கழித்து, சித்திரையில். அதிலிருந்து கணக்கிட்டால் இன்னும் இரண்டு மாதம் மிச்சம். பதிவிலிருந்து கணக்கிட்டால் ஒரு மாதம் கடந்துவிட்டது. வாங்கியவர் என்ன சொல்வார் என்பதையும் வழக்கறிஞர் அப்போதே சொன்னார். "பிரியாத பங்கைக் கண்கூடாகக் கைக்கொள்ள முடியாது; ஆகவே பதிவு நாள்தான் கணக்கு" என்பார். நாம் சொல்லவேண்டியது, "கிழக்கே 24 சென்ட் என்று எல்லை போட்டு வாங்கி, வேலியும் போட்டுவிட்டு, கைக்கொள்ளவில்லை என்று எப்படிச் சொல்லலாம்?" என்பது. தவறாக எழுதிய அந்த நான்கு எல்லையே அத்தைக்கு ஒரு பிடிமானமாக அமைந்தது வேடிக்கைதான்.

அத்தையின் அச்சம் வேறு. "இருபத்து நாலு லட்சத்தைக் கட்டிட்டுத்தான் கேஸ் போடணுமாப்பா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை. வழக்கு வென்றால் தீர்ப்பில் ஒரு நாள் குறிப்பார்கள். அந்த நாளுக்குள் பணத்தை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், தவறினால் வழக்கு தள்ளுபடி. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் இதற்கெனவே விதி இருக்கிறது. இந்த ஒரு செய்தி தெரியாமல் எத்தனை பேர் வழக்கறிஞர் வாசலுக்கே வராமல் இருந்துவிட்டார்களோ.

பத்திரத்தில் எழுதியிருந்த விலை 11 லட்சம். 24 கொடுத்துவிட்டு 11 என்று எழுதும் வழக்கம் நாம் அறிந்ததே. பழைய காலத்தில் முன்வாங்குவோரை விரட்ட விலையை ஏற்றி எழுதினார்கள். இன்று முத்திரைத் தீர்வைக்கு அஞ்சிக் குறைத்து எழுதுகிறார்கள். அத்தை தரப்பு 11 லட்சத்தையே விலை என்று பிடித்துக்கொண்டது. இல்லை, 24 கொடுத்தேன் என்று வாங்கியவர் மெய்ப்பிக்க முனைந்தால், தீர்வையைக் குறைத்துக் கட்டியதைத் தாமே ஒப்புக்கொண்டதாகும். அவர் தரப்பு இதுவரை அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

சித்திரை பிறப்பதற்குப் பத்து நாள் முன் வழக்குப் பதிவாயிற்று. ஓராண்டு எந்த நாளில் தொடங்கியது என்ற ஒரே கேள்வியில் அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. தாயார் இருவர் வீட்டிலும் மாறி மாறி இருக்கிறார்.

மேற்கு வயல் பெரியவரும் சும்மா இருக்கவில்லை. அதே வழக்கறிஞரிடம் ஒருநாள் வந்தார். நிலத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்று அவர் சொல்ல, பெரியவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு நெலம் வேணாங்க. அவன் வேலி போட்டதுல கெணத்துக்குப் போற வழி அடைபட்டுப் போச்சு. அதுக்குத்தான் நான் அன்னைக்கே கத்தினேன்" என்றார். தடையின்றி இருபது ஆண்டு உரிமையோடு நடந்த வழிக்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அதை நிலம் யார் கைக்குப் போனாலும் கேட்கலாம். அவர் நடந்தது நாற்பது ஆண்டு. அந்த மனு தனியாகப் போயிற்று. வேலியில் இப்போது ஒரு மாட்டு வண்டி போகும் அகலத்துக்குத் திறப்பு விட்டிருக்கிறார்கள். பெரியவர் அதன் வழியாகத்தான் காலையில் கிணற்றுக்குப் போய் வருகிறார்.